பெரியப்பாவின் பத்து லட்சமும் அறிக்கையின் இரண்டாம் பக்கமும்

வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் என் பெரியப்பா, ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். அவருடன் வேலை பார்த்த ஒருவரின் மகன் வேலூரில் மதியச் சாப்பாட்டை மாதச் சந்தாவுக்கு வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்துகிறார். தொழிலை விரிவுபடுத்தப் பத்து லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுத்துக்கொள்ளும்படி அந்தத் தம்பி கேட்டு, ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு அறிக்கையைப் பெரியப்பாவிடம் கொடுத்திருந்தார். அதன் இரண்டாம் பக்கத்தில் இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் இருந்தன. ஒன்று, 'கஸ்டமர் அக்விசிஷன் காஸ்ட் 300 ரூபாய்'. மற்றொன்று, 'மாத சர்ன் 8 சதவீதம்'. லாப நட்டக் கணக்கை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய அவருக்கு இந்த இரண்டும் புதியவை. சென்னையில் இப்படிப்பட்ட இளம் நிறுவனங்களுக்குக் கணக்கு பார்ப்பது என் வேலை என்பதால், சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்துவிட்டார்.

அன்று அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் தேவையில்லை. எண்களைப் படிக்க எளிதாக இருக்கும்படி முழு எண்களாக்கியிருக்கிறேன். அந்தத் தம்பி யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் எண்ணிய முறையில்தான் பலரும் எண்ணுகிறார்கள். அதனால்தான் இது தெரிந்திருக்க வேண்டியதாகிறது.

முதல் எண்ணைப் பெரியப்பாவுக்குப் புரிய வைக்க ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது: அடக்கவிலை. கஸ்டமர் அக்விசிஷன் காஸ்ட், சுருக்கமாக சி.ஏ.சி., என்பது ஒரு புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு ஆகும் அடக்கவிலை. ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதற்காகச் செய்த மொத்தச் செலவை, அந்தக் காலத்தில் சேர்ந்த புதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அது கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் பச்சைத் தோலுக்குச் சந்தையில் கொடுத்த விலையை மட்டும் எழுதி, உப்பும் வண்டி வாடகையும் ஆள் கூலியும் விட்டுவிட்டு அடக்கவிலை என்று காட்டினால் அவருடைய முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டேன். அதன் பிறகு அறிக்கையின் பின்பக்கங்களை அவரே புரட்ட ஆரம்பித்தார்.

அறிக்கையின் 300 ரூபாய் எப்படி வந்தது? காலாண்டில் கைப்பேசி விளம்பரங்களுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் 3,60,000 ரூபாய் செலவாகியிருந்தது. புதிதாக 1,200 பேர் வந்திருந்தார்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 300. வகுத்தலில் பிழை இல்லை. மேலே வைத்த எண்ணிலும் கீழே வைத்த எண்ணிலும் குறை இருந்தது.

மேலே உள்ளதை முதலில் பார்ப்போம். வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்க்க இரண்டு பேரை மாதம் தலா 18,000 ரூபாய் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு அது 1,08,000. அது 'சம்பளங்கள்' என்ற தலைப்பில் வேறு பக்கத்தில் இருந்தது. புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று சாப்பாடு இலவசம். ஒரு சாப்பாட்டைச் சமைத்து, கட்டி, கொண்டுபோய்க் கொடுப்பதற்கு 60 ரூபாய் ஆகிறது என்பதால் ஒருவருக்கு 180 ரூபாய். 1,200 பேருக்கு 2,16,000. அது 'மூலப்பொருள், சமையல், விநியோகம்' என்பதில் கரைந்து போயிருந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் புதியவரைச் சேர்த்துவிட்டால் அவருக்குச் சந்தாவில் 180 ரூபாய் கழித்துக் கொடுக்கிறார்கள். அப்படி 200 பேருக்குக் கழித்தது 36,000. அது 'தள்ளுபடி' என்று வருமானத்திலிருந்தே கழிக்கப்பட்டுவிட்டது. இந்த மூன்றும் வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்காக மட்டுமே செய்த செலவுகள். புதியவர் யாரும் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் இவற்றில் ஒன்றும் செலவாகியிருக்காது. ஒரு செலவு சி.ஏ.சி.யில் சேருமா சேராதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 7,20,000 ரூபாய். 1,200 பேருக்கு வகுத்தால் 600.

இனி கீழே உள்ள எண். அந்த 1,200 பேரும் இலவசச் சாப்பாடு வாங்கியவர்கள். அவர்களில் பணம் கட்டிச் சந்தாவில் சேர்ந்தவர்கள் 800 பேர்தான். மற்ற 400 பேர் மூன்று நாள் சாப்பிட்டுவிட்டு நின்றுவிட்டார்கள். அவர்களுக்காக ஆன செலவு உண்மையான செலவு. ஆனால் அவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். ஆகவே 7,20,000 ரூபாயை 800 ஆல் வகுக்க வேண்டும். விடை 900 ரூபாய். அறிக்கையில் இருந்ததைப் போல மூன்று மடங்கு.

பெரியப்பா இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார். பழைய வாடிக்கையாளர் சொல்லிச் சேர்ந்தவருக்கும் விளம்பரம் பார்த்துச் சேர்ந்தவருக்கும் ஒரே அடக்கவிலை எப்படி இருக்க முடியும்? இருக்காதுதான். சொல்லி வந்தவர்கள் 240 பேர். அவர்களில் 200 பேர் சந்தா கட்டினார்கள். அவர்களுடைய இலவசச் சாப்பாட்டையும் கொடுத்த கழிவையும் சேர்த்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 400 ரூபாய்தான் ஆகியிருக்கிறது. மிச்சச் செலவு முழுவதும் விளம்பரத்தாலும் ஆட்களாலும் வந்த 600 பேருக்கு உரியது. அவர்களுக்குத் தலைக்கு ஏறத்தாழ 1,070 ரூபாய். முதலீடு செய்ய நினைப்பவருக்கு இந்த இரண்டாவது எண்தான் வேண்டும். ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வருகிற வாடிக்கையாளரைப் பத்து லட்சம் கொடுத்துப் பெருக்க முடியாது. அந்தப் பணம் விளம்பரத்துக்கும் ஆட்களுக்கும்தான் போகும். அதிலும், எளிதில் இணங்கக்கூடியவர்கள் முதலில் சேர்ந்துவிடுவதால், செலவைக் கூட்டக் கூட்ட அடுத்தவரைச் சேர்க்கும் அடக்கவிலை ஏறுவதே வழக்கம். எளிமைக்காக இந்தக் கட்டுரை முழுவதிலும் 900 என்றே வைத்துக்கொள்கிறேன்; விளம்பரம் மூலம் வருபவருக்கு அதைவிடக் கூடுதல் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சர்ன். தமிழில் இதை விலகல் விகிதம் என்று சொல்லலாம். மாதத்தின் முதல் நாளில் பணம் கட்டிக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களில், அந்த மாதம் முடிவதற்குள் நின்றுவிட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அது. அந்த மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களை இதில் கலக்கக் கூடாது. கலந்தால் வகுக்கும் எண் பெரிதாகி விகிதம் தானாகவே குறைந்து தெரியும்.

மார்ச் முதல் தேதியில் 2,000 பேர் இருந்தார்கள். மார்ச்சில் 267 பேர் சேர்ந்தார்கள், மாத இறுதியில் 2,107 பேர் இருக்கிறார்கள் என்று அறிக்கை சொன்னது. அப்படியானால் நின்றவர்கள் 160 பேர். அது 8 சதவீதம். தொடக்க இருப்பு, வரவு, முடிவு இருப்பு என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றதால் எனக்கு முதலில் சந்தேகம் வரவில்லை. பிசகைக் கண்டுபிடித்தவர் பெரியப்பாதான். அறிக்கையோடு வங்கி வரவுச் சுருக்கம் ஒன்றையும் இணைத்திருந்தார்கள். எல்லோரும் மாதம் 1,700 ரூபாயை முன்பணமாகக் கட்டுகிறார்கள் என்பதால், ஏப்ரல் மாதச் சந்தாவாக வந்த 34,45,900 ரூபாயை அவர் 1,700 ஆல் வகுத்துப் பார்த்தார். விடை 2,027. மீதி 80 பேர் எங்கே?

அந்த 80 பேரும் செயலியில் 'தற்காலிகமாக நிறுத்தி வைக்கவும்' என்ற பொத்தானை அழுத்தியவர்கள். சந்தாவை ரத்து செய்யவில்லை. ஆனால் ஒரு மாதமாகச் சாப்பாடும் வாங்கவில்லை, பணமும் கட்டவில்லை. அறிக்கை அவர்களை இன்னும் இருப்பவர்களாகவே எண்ணியிருந்தது. ஒருவர் திருமணத்துக்காகப் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வருவார், அவரை விலகியவர் என்று எழுதுவது சரியில்லை என்பது உண்மைதான். ஆனால் முப்பது நாள் தாண்டியும் நிறுத்தியே வைத்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள், ரத்து செய்யச் சங்கடப்பட்டு மெதுவாக நழுவியவர்கள் என்பதே நான் பார்த்த கணக்குகளில் எல்லாம் தெரிந்தது. நிறுத்தி வைக்கும் வசதி உள்ள எந்தச் சந்தா நிறுவனத்திலும் இந்த எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 160 பேருடன் 80 பேரைச் சேர்த்தால் விலகியவர்கள் 240 பேர். விகிதம் 12 சதவீதம்.

எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நான்குதானே வித்தியாசம் என்று தோன்றலாம். ஆனால் கூட்டு வட்டி ஏறுவதைப் போல, விலகலும் மாதா மாதம் மிச்சத்தின் மேல் ஏறுகிறது. நூறு பேரில் மாதம் 8 சதவீதம் குறைந்துகொண்டே போனால் ஓராண்டு முடிவில் 37 பேர் இருப்பார்கள். 12 சதவீதம் குறைந்தால் 22 பேர்தான். மேலும், ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை மாதம் இருப்பார் என்று அறிய, ஒன்றை விலகல் விகிதத்தால் வகுப்பது வழக்கம். 8 சதவீதத்துக்கு அது பன்னிரண்டரை மாதம். 12 சதவீதத்துக்கு எட்டு மாதமும் சில நாட்களும்.

இந்த இரண்டு எண்களும் தனித்தனியாக நின்றால் பயனில்லை. ஒன்று, வாடிக்கையாளரை வாங்கும் விலை. மற்றொன்று, வாங்கியது எவ்வளவு காலம் உழைக்கும் என்பது. இரண்டையும் இணைப்பது, அவர் ஒரு மாதம் இருந்தால் நிறுவனத்துக்கு மிச்சம் ஆகும் தொகை. மாதத்துக்கு 25 சாப்பாடு, ஒன்றுக்கு 68 ரூபாய் என்று சந்தா 1,700. ஒவ்வொன்றுக்கும் செலவு 60. ஆகவே ஒரு சாப்பாட்டுக்கு 8 ரூபாய், மாதத்துக்கு 200 ரூபாய் மிச்சம். அறிக்கையில் இது 700 ரூபாய் என்று இருந்தது. அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் ஆகியவற்றின் விலையான 40 ரூபாயை மட்டும் கழித்துவிட்டு, சமையல் கூலியையும் வண்டிக்காரரின் கூலியையும் கழிக்காமல் விட்டதால் வந்த எண் அது. சாப்பாடு ஒன்று கூடினால் கூடவே கூடுகிற எந்தச் செலவையும் இங்கே விட்டுவைக்கக் கூடாது.

இப்போது அறிக்கை சொல்வதையும் நாங்கள் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அறிக்கையின்படி ஒரு வாடிக்கையாளர் மாதம் 700 வீதம் பன்னிரண்டரை மாதத்தில் 8,750 ரூபாய் ஈட்டித் தருகிறார், அவரைச் சேர்க்க ஆனது 300. எங்கள் கணக்கில் அவர் மாதம் 200 வீதம் எட்டு மாதத்துக்குச் சற்று மேல் இருந்து ஏறத்தாழ 1,670 ரூபாய் தருகிறார், அவரைச் சேர்க்க ஆனது 900. வாடிக்கையாளர் தரும் தொகை சேர்ப்புச் செலவைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்று முதலீட்டாளர்கள் ஒரு விதி சொல்வார்கள். மென்பொருள் சந்தா நிறுவனங்களிலிருந்து வந்த தோராயமான விதி அது. அதை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே இரண்டு மடங்குகூட வரவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். பெரியப்பாவுக்கு இதுதான் சட்டென்று உறைத்தது. மாதம் 240 பேர் போகிறார்கள் என்றால், கடை இருந்த இடத்திலேயே இருப்பதற்கு 240 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும். தலைக்கு 900 வீதம் அதற்கு 2,16,000 ரூபாய். இருக்கும் 2,000 பேரிடமிருந்து மாதம் மிச்சமாவதே 4,00,000 ரூபாய்தான். அதில் பாதிக்கு மேல், வளர்ச்சிக்கு அல்ல, போனவர்களின் இடத்தை நிரப்பவே போய்விடுகிறது. சமையற்கூட வாடகையும் மேலாளர் சம்பளமும் செயலிக்கான செலவும் மிச்சமுள்ள 1,84,000 ரூபாயில் அடங்க வேண்டும். காலாண்டில் 800 பேர் சேர்ந்தார்கள் என்று அறிக்கை பெருமையாகச் சொன்னது. மார்ச் மாதத்தில் எண்ணிக்கை நிகரமாகக் கூடியது 27 பேர்.

பெரும்பாலான விளக்கங்கள் இங்கே நின்றுவிடும். ஆனால் வேலூரைத் தெரிந்த ஒருவருக்கு இதற்கு அப்பால் ஒரு கேள்வி எழுந்தே தீரும்: விலகியவர்கள் யார்? 12 சதவீதம் என்பது சராசரி. இந்த ஊரில் சாப்பாட்டுச் சந்தா கட்டுகிறவர்கள் மூன்று வேறுபட்ட வகையினர். சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் வயதான தம்பதிகளும், இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களும் ஒரு வகை. காட்பாடியில் வி.ஐ.டி.யைச் சுற்றி வெளியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்கள் இன்னொரு வகை. சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, காந்தி சாலையிலும் அதன் சுற்றுத் தெருக்களிலும் லாட்ஜில் தங்கும் குடும்பங்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றாம் வகையினர் சாப்பாடு பிடிக்காமல் விலகுவதில்லை. சிகிச்சை முடிந்தால் ரயில் ஏறிவிடுகிறார்கள். அதுதான் அவர்கள் விரும்பி வந்த முடிவும்கூட.

அந்தத் தம்பியிடம் இந்தப் பிரிவுகளைத் தனித்தனியாகக் கேட்டோம். தயங்காமல் இரண்டே நாளில் அனுப்பிவைத்தார். அதை இங்கே பதிவு செய்வது நியாயம். மார்ச் தொடக்கத்தில் இருந்த 2,000 பேரில் வீடுகள் 1,300, மாணவர்கள் 550, லாட்ஜில் இருப்பவர்கள் 150. அந்த மாதம் விலகியவர்கள் வீடுகளில் 65, மாணவர்களில் 55, லாட்ஜில் 120. கூட்டினால் 240 சரியாக வருகிறது. ஆனால் விகிதங்களைப் பாருங்கள்: வீடுகளில் 5 சதவீதம், மாணவர்களில் 10, லாட்ஜில் 80. மூன்றில் எந்த வகையிலும் 12 இல்லை.

வீட்டு வாடிக்கையாளர் இந்த வேகத்தில் சராசரியாக இருபது மாதம் இருப்பார். 4,000 ரூபாய் தருவார். 900 செலவழித்து அவரைச் சேர்ப்பது நல்ல வியாபாரம். லாட்ஜில் இருப்பவர் ஒன்றே கால் மாதம் இருப்பார். 250 ரூபாய் தருவார். அவரையும் 900 கொடுத்துச் சேர்த்தால் ஒவ்வொருவர் மேலும் 650 ரூபாய் நட்டம். மாணவரின் கணக்கில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஒன்றை விகிதத்தால் வகுத்துப் பத்து மாதம் என்று சொல்வது, எல்லா மாதமும் ஒரே அளவில் விலகுவார்கள் என்று வைத்துக்கொண்டால்தான் பொருந்தும். மாணவர்கள் மார்ச்சில் 10 சதவீதம் போவார்கள், மே மாதத்தில் தேர்வு முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றாக ஊருக்குப் போய்விடுவார்கள். ஜனவரியில் சேர்த்த மாணவர் நான்கு மாதம் முழுவதும் இருந்தாலும் தருவது 800 ரூபாய். சேர்த்த செலவே திரும்பாது. ஜூலையில் சேர்த்தவர் இதைவிட மேல். மார்ச் வரையிலான அறிக்கையில் மே மாதம் தெரியாது என்பதைப் பெரியப்பா தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

இதுவரை சொன்னது இருக்கும் வாடிக்கையாளர்களைப் பற்றியது. அவருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியது இனிமேல்தான் வருகிறது. பத்து லட்சத்தைக் கொண்டு சேர்க்கப்போவது புதியவர்களை. ஆகவே புதியவர்கள் எந்த வகை என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். காலாண்டில் சந்தா கட்டிச் சேர்ந்த 800 பேரில் வீடுகள் 260, மாணவர்கள் 150, லாட்ஜில் இருப்பவர்கள் 390. இருப்பவர்களில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பேராக இருக்கும் லாட்ஜ்காரர்கள், புதிதாக வருபவர்களில் ஏறத்தாழப் பாதி. காரணம் எளியது. ஊருக்குப் புதிதாக வந்து, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கைப்பேசியில் தேடுபவர்கள் அவர்கள்தான். விளம்பரம் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். சத்துவாச்சாரி அம்மா தேட மாட்டார். எதிர்வீட்டில் சொன்னால்தான் சேருவார்.

அதே விகிதங்களை இந்த 800 பேர் மேல் வைத்துப் பார்த்தால், முதல் மாதம் முடிவதற்குள் வீடுகளில் 13, மாணவர்களில் 15, லாட்ஜில் 312, ஆக 340 பேர் போய்விடுவார்கள். அது 42 சதவீதத்துக்கும் மேல். அறிக்கையின் 8 சதவீதம் பழையவர்களையும் புதியவர்களையும் கலந்து எடுத்த அளவு. அதில் பல மாதங்களாக நிலைத்துவிட்ட வீடுகள் மொத்தத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஏரியில் ஐந்தாண்டாக நிற்கும் நீரைக் காட்டி, இந்த ஆண்டுக் கால்வாயில் வந்த நீர் எவ்வளவு நிற்கும் என்று சொல்ல முடியாது.

இதைச் சரியாகப் பார்ப்பதற்கு ஒரு தாள் இருக்கிறது. அதைக் கோஹார்ட் அட்டவணை என்பார்கள். சேர்ந்த மாதவாரியான அட்டவணை என்று சொல்லலாம். ஒவ்வொரு வரியும் ஒரு மாதத்தில் சேர்ந்தவர்களின் கூட்டம். அக்டோபரில் சேர்ந்த நூறு பேரில் நவம்பரில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள், டிசம்பரில் எத்தனை பேர், ஜனவரியில் எத்தனை பேர் என்று வலப்பக்கமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும். நல்ல நிறுவனத்தில் முதல் இரண்டு மூன்று கட்டங்களில் எண் வேகமாக இறங்கி, பிறகு ஏறத்தாழ சமதளமாகும். சமதளமே வராமல் இறங்கிக்கொண்டே இருந்தால் பொருளில் கோளாறு. அதே தாளை மேலிருந்து கீழாகவும் படிக்க வேண்டும்: மூன்றாம் மாதக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், அக்டோபரில் சேர்ந்தவர்களைவிட ஜனவரியில் சேர்ந்தவர்கள் அதிகம் நின்றிருக்கிறார்களா, குறைவாகவா? குறைவு என்றால், விளம்பரத்தைக் கூட்டக் கூட்ட நிலைக்காதவர்களை இழுத்து வருகிறார்கள் என்று பொருள். மொத்தச் சர்ன் இதைப் பல மாதங்கள் மறைத்து வைத்திருக்கும்.

நான் பெரியப்பாவுக்காக அந்தப் புதியவர்களின் கலவையை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நூறு புதியவர்களைச் சேர்க்க 90,000 ரூபாய். அவர்கள் மாதம் தலா 200 தந்தால் நான்கரை மாதத்தில் பணம் திரும்பிவிடும் என்று மேலோட்டமாகத் தோன்றும். அறிக்கைகளில் 'பேபேக்' என்று எழுதுவது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். ஆனால் நான்கரை மாதம் வரை நூறு பேரும் இருக்கப் போவதில்லை. போகிறவர்களைக் கழித்துக்கொண்டே மாதம் மாதமாகக் கூட்டினால் ஐந்து மாதம் கழித்து நிற்பவர்கள் 36 பேர். 90,000 ரூபாய் திரும்ப ஏறத்தாழப் பத்து மாதம் ஆகிறது. மாணவர்கள் மே மாதத்தில் போவதைச் சேர்க்காமலேயே இந்த நிலை. இடையில் நிறுவனத்தின் கையில் பணம் இருக்காது; அடுத்த மாத விளம்பரத்துக்கு இன்னொரு முதலீட்டாளரைத் தேட வேண்டியிருக்கும்.

ஒரு எச்சரிக்கையையும் அவரிடம் சொன்னேன். வீடுகளில் 65 பேர் விலகினார்கள் என்பது ஒரே ஒரு மாதத்தின் எண்ணிக்கை. அடுத்த மாதம் அது 50 ஆகவோ 80 ஆகவோ இருந்தால் ஏதோ பெரிய மாற்றம் நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவு சிறிய எண்களில் அது தற்செயலாகவே நடக்கும். ஐந்து சதவீதத்துக்குப் பதில் ஏழு என்றால்கூட இருபது மாதம் பதினான்காகக் குறைந்துவிடும். ஆறு மாதமாவது தொடர்ந்து பார்த்த பிறகே அந்த இருபது மாதத்தை நம்பலாம். நிறுவனமே தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்பதால், இருபது மாதம் இருந்த வாடிக்கையாளர் ஒருவரைக்கூட இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

பெரியப்பா அந்தத் தம்பியைத் தம் வீட்டுக்கே அழைத்துப் பேசினார். நானும் உடன் இருந்தேன். லாட்ஜ்காரர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அவர்களுக்காக விளம்பரச் செலவு செய்யாமல், லாட்ஜ் மேலாளர்களிடம் பேசி, ஒரு வாரத்துக்கு முன்பணம் என்று, இலவசச் சாப்பாடு இல்லாமல் கொடுக்கலாமே என்று கேட்டார். ஒருவரைச் சேர்க்கும் செலவு நூறு ரூபாய்க்குள் இருந்தால் அவர் தரும் 250 ரூபாயிலும் லாபம் உண்டு, ஆனால் அவர்களைச் சந்தாதாரர் எண்ணிக்கையில் சேர்க்காமல் தனி வரியில் காட்ட வேண்டும் என்றார். வீட்டுச் சந்தாவுக்கு, சொல்லிச் சேர்த்துவிடுபவருக்கான கழிவை 180 ரூபாயிலிருந்து 300 ஆக்கினாலும் விளம்பரத்தைவிட மலிவு என்பதைத் தாளில் போட்டுக் காட்டினார். அந்தத் தம்பி அதைத் தம் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

பணம் தருவதா இல்லையா என்பதை அவர் அன்று முடிவு செய்யவில்லை. விடுமுறையில் மாணவர்கள் போய், மறுபடி வருவது தெரிந்த பிறகு, ஆகஸ்டு முதல் வாரத்தில் ஒரு தாள் மட்டும் கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டு வாடிக்கையாளர்களுக்கு மட்டுமான, சேர்ந்த மாதவாரியான அட்டவணை அது. நிறுத்தி வைத்தவர்களை அதில் விலகியவர்களாகவே எண்ணியிருக்க வேண்டும், பக்கத்தில் அந்தந்த மாத வங்கி வரவும் இருக்க வேண்டும். அதில் அவர் முதலில் பார்க்கப்போகும் கட்டத்தைப் பென்சிலால் இப்போதே குறித்து வைத்திருக்கிறார்: ஏப்ரலில் சேர்ந்த வீடுகளில் ஜூலையிலும் பணம் கட்டியவை எத்தனை என்பது.